புதுப்பிப்பு: கேம் ஆடும்போது பிசி ரீஸ்டார்ட் ஆன பிரச்சினை, காரணம் கிடைத்தது

என் கேள்வி: "கேம் ஆடினால் மட்டும் பிசி திடீரென ரீஸ்டார்ட் ஆகிறது, ப்ளூ ஸ்கிரீன் வருவதில்லை. சூடா, ரேமா, பவர் சப்ளையா?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. பவர் சப்ளைதான் என்றவர், பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் தனித்தனியாக லோடு கொடுக்கச் சொன்னார். அதுதான் வழிகாட்டியது.

பிராசஸருக்கு லோடு கொடுக்கும் Prime95 மட்டும் ஓடியபோது அது 78 டிகிரியில் நின்றது. கிராபிக்ஸ் கார்டுக்கு லோடு கொடுக்கும் FurMark மட்டும் ஓடியபோதும் சிக்கலில்லை. இரண்டையும் சேர்த்து ஓட்டியதும் சில நொடிகளில் ரீஸ்டார்ட். Event Viewer-இல் Kernel-Power 41, BugcheckCode 0, அதாவது ப்ளூ ஸ்கிரீன் பிழை எதுவும் பதிவாகாமல் பிசி திடீரென நின்றிருக்கிறது. சூடு காரணமென்றால் வேகம் முதலில் குறைந்திருக்கும். இங்கே முழு வேகத்திலேயே அறுந்தது.

ரேமைச் சந்தேகித்தவர் சொன்னபடி MemTest86 நான்கு பாஸ் ஓடியது, பிழையில்லை. ஆனால் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் XMP அமைப்பை அணைத்தால் ரீஸ்டார்ட் குறைந்தது என்பது உண்மை. ஏன் என்று இன்னும் புரியவில்லை. லேப்டாப் ஃபேனைச் சுத்தம் செய்ததும் சரியானது என்றவரின் சிக்கல் வேறு.

எதிர்பாராதது: கார்டின் இரண்டு 8 பின் கனெக்டர்களும் ஒரே கேபிளின் கிளைகள். பவர் சப்ளைப் பக்க முனையில் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தது. பவர் சப்ளையோடு வந்த இரண்டு தனிக் கேபிள்களை வேறு சாக்கெட்டுகளில் போட்டதும், இரண்டு சோதனைகளும் சேர்ந்தே மணிக்கணக்கில் ஓடுகின்றன. வேறு மாடலின் கேபிளை மட்டும் மாட்டாதீர்கள், பின் வரிசை மாறினால் கார்டு போய்விடும்.