மூன்றடுக்குப் பாவாடையில் சுருக்கு ஒரே இடத்தில் குவிந்தது: உங்களுக்கு நேர்ந்ததுண்டா?

தெம்பனிஸ் மாலா

தீபாவளிக்கு அக்கா மகளுக்காகத் தைக்கக் கொடுத்திருந்த மூன்றடுக்குக் காட்டன் பாவாடை, முன்புறம் தட்டையாகவும் பின்புறம் ஓரிடத்தில் கற்றையாகவும் வந்து சேர்ந்தது. தைத்த கடையைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அதை எடுத்துக்கொண்டு தேக்கா மாடியில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான தையற்கார அம்மாவிடம் போனேன். அவர் அளவுநாடாவைத் தொடவேயில்லை. பாவாடையை உட்புறம் திருப்பி, கடைசி அடுக்கின் தையலை இரு விரல்களுக்கு நடுவே வைத்து ஒரு சுற்று ஓட்டினார். துணி தடித்து விரல் நின்ற இடத்தைக் காட்டி, "நூலை இங்கே கொண்டுவந்து முடித்திருக்கிறார்கள்" என்றார். பிரித்துப் பார்த்தால், பட்டையில் ஒரு குறிகூட இல்லை.

துணியை மாற்றி நானே தைக்கலாம் என்றிருக்கிறேன். இடுப்பு 60 செ.மீ., துணியின் அகலம் 112 செ.மீ., நடுத்தரக் கனமுள்ள காட்டன். எத்தனை மடங்கு எடுத்தீர்கள், சுருக்கைச் சமமாக எப்படி நிறுத்தினீர்கள் என்று அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஊசிநூல்

மாலா, நான் தையற்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் மேற்பார்வையாளரிடம் ஒரு பாவாடைக்கு இரண்டு மடங்கு போதுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், துணியின் அகலம் என்ன என்று திருப்பிக் கேட்டார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நானும் அதையேதான் முதலில் கேட்கிறேன்.

உங்கள் துணியில் இரு ஓரக்கரைகளையும் நீக்கினால் 110 செ.மீ. நிற்கும். பட்டையின் இரு பக்கமும் இணைப்புக்கு ஒவ்வொரு செ.மீ. போனால், ஒரு பட்டை 108 செ.மீ. தரும். எல்லா அடுக்குக்கும் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால் 60, 120, 240, 480 என்று பெருகிக்கொண்டே போகும். கடைசி அடுக்குக்கு மட்டும் ஐந்து பட்டை வெட்டி, ஒன்றில் பாதிக்கு மேல் வீணாக்க வேண்டியிருக்கும். சின்னப் பெண்ணுக்கு அந்தக் கனமும் அதிகம். மாறாக, முதல் அடுக்குக்கு ஒரு முழுப் பட்டை, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று என்று எடுங்கள். இடுப்பில் 1.8 மடங்கு, நடுவில் இரண்டு மடங்கு, கீழே ஒன்றரை மடங்கு வரும். நடுத்தரக் காட்டனுக்கு இது பொருந்தும். அடுக்கின் உயரம் 20 செ.மீ. என்றால் மேலும் கீழும் தையலுக்கு மூன்று சேர்த்து 23. ஆறு பட்டைக்கு 138 செ.மீ. ஆகும். ஒன்றரை மீட்டர் வாங்கினால் கீழ்மடிப்புக்கும் போதும்.

குறிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மூன்று பட்டைகளின் இணைப்புகள், மேலே உள்ள இரண்டு பட்டைகளின் இணைப்புகளோடு ஓரிடத்தைத் தவிர வேறெங்கும் பொருந்தாது. அதனால் இணைப்பை அடையாளமாக எடுத்துக்கொள்ளாமல், இரண்டு வளையங்களையும் எட்டாகப் பிரியுங்கள். மேலே 27 செ.மீ.க்கு ஒரு குறி, கீழே 40.5 செ.மீ.க்கு ஒரு குறி. குறிக்குக் குறி குண்டூசி குத்திய பிறகுதான் நூலை இழுக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் 40.5 செ.மீ. துணிக்கு உட்கார 27 செ.மீ. இடம்தான் இருக்கிறது, பக்கத்துப் பகுதிக்கு நழுவ முடியாது. உங்கள் பாவாடையில் நடந்தது இதற்கு நேர் எதிரானது என்று நினைக்கிறேன்: முழுச் சுற்றுக்கும் ஒரே நூல், ஒரு முனையிலிருந்து மட்டும் இழுப்பு.

ஜூரோங் ராஜி

இத்தனை கணக்கும் தேவையில்லை என்பது என் அனுபவம். மகளின் பள்ளிக் கலைநிகழ்ச்சிக்காக ஃப்ரில் வைத்துத் தைத்தபோது, சுருக்குத் தையல் பாதியில் அறுந்துபோக, இரவு பதினொரு மணிக்கு மேல் அதைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு கெட்டியான நூலைத் துணியின் மேல் வைத்து, அதைக் குத்தாமல் ஜிக்ஜாக் தையலால் மூடி, உள்ளே இருக்கும் நூலை இழுக்கிறேன். அறுவதே இல்லை. துணியும் தானாகவே சமமாகப் பரவிவிடுகிறது. ஊசிநூல் சொல்வது தையற்கூடத்துக்குச் சரி, வீட்டில் அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது?

கமலா அம்மா

மாலா, குழந்தைக்குப் பாவாடை என்றால் கொசுவம் வைத்துத் தைப்பதுதான் முறை. என் பேத்தியின் பட்டுப் பாவாடையை ஒரு கடையில் சுருக்கு வைத்துத் தைத்து, சரிகைக் கரையை இடுப்பில் திணித்துவிட்டார்கள். உடுத்தியதும் குழந்தை "குத்துது பாட்டி" என்று அழுதது இன்னும் காதில் இருக்கிறது. பட்டுக்கு அகலமான கொசுவம் வைத்து, மடிப்பின் திசையை ஒரே பக்கமாக விட வேண்டும். உள்ளே இரண்டு அங்குல மடிப்பு விட்டால் பிள்ளை வளரும்போது இறக்கிக்கொள்ளலாம். இடுப்புப் பட்டைக்கு உள்ளே மெல்லிய காட்டன் வைத்துத் தைத்தால் சரிகை தோலில் படாது.

தெம்பனிஸ் மாலா

அம்மா, இது காட்டன், சரிகை இல்லை. ஆனால் உள்ளே காட்டன் வைக்கும் யோசனையைக் குறித்துக்கொண்டேன்.

புங்கோல் தாஸ்

என்னுடையது சற்றே வேறு கதை, எலாஸ்டிக் நூல் வைத்த ஷர்ரிங். மகளின் கவுனுக்கு மார்புப் பகுதியை அப்படித் தைத்தேன். அளவில் பாதியாகச் சுருங்கும் என்று எங்கோ படித்ததை நம்பி, சுற்றளவின் இரண்டு மடங்குக்குத் துணியை வெட்டியிருந்தேன். முதல் இரண்டு வரி முடிந்தபோது துணி ஏறக்குறைய தட்டையாகவே கிடந்தது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வரிகள் கூடக் கூடத்தான் இறுக்கம் வருகிறது. கடைசியில் ஆவி இஸ்திரியைத் துணிக்குச் சற்று மேலே பிடித்தபோது, என் கண்ணெதிரே துணி கையளவு உள்ளே போனது. அந்த நொடியை நான் மறக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே இன்னும் சில வரிகளைக் கூடுதலாகத் தைக்க ஆரம்பித்திருந்தேன்.

எலாஸ்டிக் நூலைப் பாபினில் கையால், இழுக்காமல் சுற்ற வேண்டும். மேலே சாதாரண நூல். தையல் நீளம் நான்கு மி.மீ. அளவில் இருந்தால் நன்றாகச் சுருங்குகிறது. கெட்டியான பாப்ளின் குறைவாகவும், மெல்லிய வாயில் துணி அதிகமாகவும் சுருங்குவதால், அதே துணியில் 30 செ.மீ. துண்டில் தைத்து, ஆவி காட்டி, அளந்த பிறகே வெட்டுகிறேன். துண்டு 18 செ.மீ.க்கு வந்தால் 1.67 மடங்கு என்று தெரிந்துவிடும்.

ஊசிநூல்

தாஸ் சொன்ன துண்டுச் சோதனை சாதாரணச் சுருக்குக்கும் உதவும். கண்ணுக்குப் பிடிக்கும்வரை இழுத்து, பிறகு அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். ராஜி, ஜிக்ஜாக் முறையில் நூல் அறுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், திரைச்சீலை ஃப்ரிலுக்கு நானே அப்படித்தான் செய்கிறேன். தானாகச் சமமாகும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒற்றை நூலில் துணி சுலபமாக நகர்கிறது என்றால், தைக்கும்போது இயந்திரத்தின் பாதம் தள்ளும் பக்கமும் அது சுலபமாக நகரும். தையல் கோட்டுக்கு மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி என்று நீளத் தையல் போட்டு, இரண்டு அடிநூலையும் சேர்த்து இழுத்தால், மடிப்புகள் சாயாமல் நேராக நிற்கும். இரண்டுக்கும் நடுவே தைத்துவிட்டுக் கீழ்வரியைப் பிரித்துவிடலாம். நூல் அறும் என்ற பயத்துக்கு மருந்து, எட்டுப் பகுதிகளில் இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு தனித்தனி ஓட்டமாகத் தைத்து, இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி இழுப்பதுதான்.

ஜூரோங் ராஜி

கீழ்வரியைப் பிரித்தால் ஊசித்துளை தெரியுமே? காட்டனில் ஒரு முறை துவைத்தால் மறையலாம். நான் தைத்தது சாட்டின், அதில் துளை போகவே போகாது. அதற்காகத்தான் இரண்டு வரியையும் தையல் ஓரத்துக்குள்ளேயே போடச் சொல்கிறார்கள்.

ஊசிநூல்

சாட்டினில் நானும் உள்ளேதான் போடுவேன், மடிப்பு கொஞ்சம் சாய்ந்தாலும் சரி என்று. காட்டனில் சாய விடமாட்டேன்.

தெம்பனிஸ் மாலா

ஆறு பட்டையும் வெட்டி, குறி போட்டாயிற்று. கடைசி அடுக்கைக் குண்டூசி குத்தி மேசையில் விரித்திருக்கிறேன். இழுக்கும் முன் ஒரு கேள்வி: 27 செ.மீ. பகுதிக்குள்ளேயே சுருக்கு ஒரு பக்கம் ஒதுங்கினால் என்ன செய்வீர்கள்? ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளுவதா, அல்லது பதினாறாகப் பிரிப்பதா?