பம்ப் போட்டதால வர்ற புது ரிஸ்க்க ரிஜிஸ்டர்ல எப்படி எழுதறது?

வணக்கம் ஃப்ரண்ட்ஸ், ரெண்டு பேஸ்மென்ட் தோண்டுற சைட்ல இருக்கேன், குழிக்குள்ள நிலத்தடி தண்ணி ஏறுறதுதான் முதல் ரிஸ்க், அதுக்கு சுத்தி வெல்பாயின்ட் போட்டு பம்ப் பண்றதா முடிவாச்சு. கரன்ட் போய் ஜெனரேட்டரும் எடுக்கலன்னா தண்ணி திரும்ப ஏறும், அது மிச்சமிருக்கற ரிஸ்க், டீசல்ல ஓடுற ஸ்பேர் பம்ப் வச்சு ஏத்துக்கிட்டோம்.

என் பயம் வேற. பம்ப் பண்ணப் பண்ண பக்கத்து பழைய வீட்டுக்கு அடியிலயும் தண்ணி மட்டம் இறங்குமே, அங்க களிமண் வேற, அது அமுங்கி சுவர்ல விரிசல் விட்டா அது நாம செஞ்ச வேலையால வந்த புது ரிஸ்க்தானே. பழைய என்ட்ரிக்கு கீழயே எழுதுன்னு மேனேஜர் சொல்றாரு, ஆனா இதுக்கு தனி நம்பரும் தனி ஓனரும் கண்டிப்பா வேணும்னு நினைக்கிறேன், ஏன்னா இங்க பாக்க வேண்டியது குழித் தண்ணிய இல்ல, வெளிய இருக்கற பீசோமீட்டரையும் செட்டில்மென்ட் மார்க்கரையும்.

ரீசார்ஜ் கிணறு போட்டு சமாளிச்சவங்க இருக்கீங்களா? எத்தனை மில்லிமீட்டர் இறங்கினா பம்பிங்க குறைக்கணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?