புதுப்பிப்பு: மாதம் 20 இன்வாய்ஸ் வரம்பு

ஒரு கணக்கு மென்பொருளின் திட்டம் பற்றி முன்பு நான் கேட்டது: “மாதம் 20 இன்வாய்ஸ், ஒரு பயனர், ஒரு வங்கி இணைப்பு. சின்னத் தொழிலுக்கு இந்தத் திட்டம் போதுமா?”

இன்வாய்ஸ் சிக்கல் தீர்ந்தது. வாராவாரம் வாங்கும் 6 பேருக்கு டெலிவரி சீட்டு மட்டும் கொடுத்து, மாதக் கடைசியில் ஆளுக்கு ஒரே இன்வாய்ஸ். 24 இருந்தது 6 ஆனது. ‘ரத்து செய்தால் எண்ணிக்கை குறையும்’ என்றவர் சொன்னது பாதி சரி: டிராஃப்ட் எண்ணிக்கையில் வரவில்லை, அனுப்பிய பின் ரத்து செய்தது வந்தது.

இரண்டாவது வங்கிக் கணக்கை CSV கோப்பாக ஏற்றுகிறேன். முன்பு ஏற்றிய தேதிகளே அடுத்த கோப்பிலும் வந்தால் அதே வரவு இருமுறை பதிவாகும்; இறுதி இருப்பு வங்கி அறிக்கையோடு ஒத்துப்போகாது. அதைச் சரியாக எச்சரித்த கணக்காளருக்கு நன்றி.

பயனர் வரம்புதான் இன்னும் இடிக்கிறது. கடவுச்சொல்லைப் பகிர்ந்தால் எல்லாத் திருத்தமும் என் பெயரிலேயே பதிவாகும். அது வேண்டாம்.