அப்பாவுக்கு ஏற்ற ஸ்கூட்டி எது? வெள்ளவத்தைக்காரர் உதவுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் வலியால் மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. கோயில், சந்தை, மருந்துக்கடை, அவ்வளவுதான் அவருடைய ஓட்டம்.

ஓடும்போது பாரம் பெரிதாகத் தெரிவதில்லை. எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி எடுக்கும்போதுதான் சிக்கல். அங்கே லேசான சரிவு வேறு. இருக்கையில் இருந்தபடி இரண்டு குதிகாலும் தரையில் பதியாவிட்டால் நுனிக்காலால் தள்ள வேண்டும், வண்டி சாய்ந்தால் பிடிக்க முடியாது. நடு ஸ்டாண்டில் ஏற்றுவதும் அப்படித்தான்.

ஸ்கூட்டி பெப் பிளஸ் 93 கிலோதான், இருக்கையும் தாழ்வு. ஆனால் சக்கரம் 10 அங்குலம், காலி வீதிக் குழிகளில் உதறுமோ என்று பயம். யமஹா ரே இசட்ஆரின் முன்சக்கரம் 12 அங்குலம், ஆனால் இருக்கை உயரம். அப்பா ஐந்தடி மூன்று அங்குலம்தான்.

வீட்டில் வயதானவர்கள் பெப் பிளஸ் ஓட்டுகிறார்களா? அம்மாவைப் பின்னால் ஏற்றினால் இழுக்குமா? அப்புறம், ரே இருக்கையின் நுரையைக் குறைத்துத் தைத்துத் தருகிற நல்ல குஷன் கடை கொழும்பில் தெரிந்தால் சொல்லுங்கள். ‘ஓட்ட விடாதீர்கள்’ என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அதை அவரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று.