புதுப்பிப்பு: ஏழு வயசுப் பையன் மறுபடி படுக்கையை நனைத்தது, டைப் 1 சர்க்கரை

நான் கேட்டிருந்தது: “படுக்கையை நனைக்கிறதை எப்பவோ நிறுத்தினவன் மறுபடி நனைக்கிறான். ஓயாமல் தண்ணி கேக்கிறான், நல்லாச் சாப்பிட்டும் மெலியிறான். என்னவா இருக்கும்?”

எல்லாருக்கும் நன்றி. “வெறும் வயிறு வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னைக்கே விரல்ல குத்திப் பாருங்க” என்று நர்ஸ் அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. கொழிஞ்சாம்பாறை லேபில் ரத்தச் சர்க்கரை 418 காட்டியது. இந்த அறிகுறிகளோடு 200-ஐத் தொட்டாலே சர்க்கரைதானாம். அன்றைக்கே பாலக்காட்டில் சேர்த்தோம். இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் கீட்டோன் சிறுநீரில் இருந்தது, ஆனால் ரத்தம் இன்னும் அமிலமாகவில்லை. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு தொடங்கியிருந்தால் ஐசியூதான் என்றார் டாக்டர்.

சிறுநீர்த் தொற்று என்ற அண்ணன் பாதி சரி. அந்தச் சோதனையில் தொற்று இல்லை, சர்க்கரை இருந்தது. வயிற்றுப்பூச்சி மருந்து சொன்ன அக்கா, உங்கள் மகளுக்கு அது சரியாக இருந்திருக்கும். இவன் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது.

எதிர்பாராதது ஒன்று: சில வாரத்தில் இன்சுலின் தேவை பாதியானது. மாமியார் குணமாகிவிட்டது என்கிறார். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களில் மிச்சமுள்ளவை கொஞ்ச காலம் வேலை செய்வதுதானாம், ஊசியை நிறுத்தவே கூடாது. படுக்கை இப்போது நனைவதில்லை. தங்கைக்கும் பரிசோதனை செய்யணுமா என்பது இன்னும் முடிவாகவில்லை.