இழை: ‘கூலிங் எஃபெக்ட்’ – ‘குளிர்ச்சி விளைவு’ சரிதானா?

மங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெரிய கூடங்களில் மாட்டும் ராட்சத சீலிங் ஃபேன் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடத்தைப் பராமரிப்பவர்களுக்கானது. அதில் ‘கூலிங் எஃபெக்ட்’ என்று ஓர் அளவு அடிக்கடி வருகிறது. டிகிரியில் சொல்கிறார்கள். விசிறி ஓடும்போது உடம்புக்கு எத்தனை டிகிரி குறைந்த மாதிரி இருக்கிறது என்பதுதான் பொருள். ‘குளிர்ச்சி விளைவு’ என்று போட்டேன். படித்துப் பார்த்த ஒருவர், “விசிறி போட்டால் கூடம் 3 டிகிரி குளிரும் என்று எழுதியிருக்கிறீர்களே, தெர்மாமீட்டர் அசையவே இல்லையே” என்றார். வேறு நல்ல சொல் உண்டா? அந்த விசிறிக்கும் ஒரு பெயர் வேண்டும்.

சேது எழுதியது:

‘காற்றோட்டக் குளிர்மை’ என்று வைக்கலாம். எளிமையாக, எல்லாருக்கும் புரியும்படி இருக்கிறது. தெர்மாமீட்டர் காட்டாததற்குக் காரணம் அது கூரைக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாக இருக்கும். ஆள் உட்காரும் மட்டத்தில் வைத்தால் காட்டும். வேகத்தைக் கூட்டக் கூட்டக் குளிர்மையும் அதே கணக்கில் கூடும்.

ரஹ்மான் எழுதியது:

எங்கள் இறகுப்பந்து அரங்கிலும் இதே பிரச்சினைதான். 7 மீட்டர் விசிறி மாட்டினோம், ஆனாலும் மாலையில் ஆள் கூடினால் மூச்சு முட்டுகிறது, வியர்வை வாடை போவதில்லை. போதாக்குறைக்கு விசிறி ஓடினால் பந்து பக்கவாட்டில் நகர்கிறது என்று ஆடுபவர்கள் அணைத்துவிடுகிறார்கள். இன்னொரு விசிறி மாட்டினால் சரியாகுமா?

இளவழகன் எழுதியது:

ரஹ்மான் பாய், இன்னொன்று மாட்டினாலும் வாடை போகாது. சீலிங் ஃபேன் எவ்வளவு பெரியதானாலும் கூடத்துக்குள் இருக்கிற காற்றையேதான் சுற்றிவிடும். வெளிக்காற்று வர ஜன்னலோ எக்ஸாஸ்டோ வேண்டும். அதைத்தான் நாம் ‘காற்றோட்டம்’ என்கிறோம். அதனால் சேது சொன்ன பெயரில் அந்தச் சொல்லை வைத்தால் இதே குழப்பம் கையேட்டிலும் வரும். ‘காற்றசைவு’ என்பது பொருத்தம்.

சேது, தெர்மாமீட்டரை எங்கே வைத்தாலும் விசிறியால் அது இறங்காது. மேலே தேங்கிய சூட்டைக் கீழே கலந்துவிட்டால் கொஞ்சம் ஏறக்கூட ஏறும், மோட்டார் சூடும் கூடத்துக்குள்தான் சேரும். குளிர்வது ஆள்தான், காற்று அல்ல. தோல் 33, 34 டிகிரியில் இருக்கிறது, அதை ஒட்டி ஒரு சூடான காற்றுப் படலம் நிற்கிறது. அசையும் காற்று அந்தப் படலத்தைச் சீவி எடுத்துவிடுகிறது, வியர்வையும் சீக்கிரம் காய்கிறது. கணக்கிடுகிறவர்கள் கேட்பது இதைத்தான்: விசிறி இல்லாமல், நிலைத்த காற்றில், இதே உணர்வு வர வெப்பநிலையை எத்தனை டிகிரி குறைக்க வேண்டும்? சுவர், கூரையின் வெப்பத்தையும் சேர்த்தே குறைப்பதாகக் கணக்கு. எனவே இது ஒரு ஈடு. ‘காற்றசைவு ஈடு’ என்று முன்மொழிகிறேன்.

வேகத்தோடு அதே கணக்கில் கூடும் என்பதும் சரியில்லை. மெல்லிய உடை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு நொடிக்கு 0.3 மீட்டர் காற்றே ஏறக்குறைய ஒன்றரை டிகிரி தந்துவிடும். 0.8 மீட்டருக்குப் போனால் சுமார் 3 டிகிரி. அதற்கு மேல் 1.2 வரை ஏற்றினாலும் இன்னொரு முழு டிகிரி கிடைப்பது கடினம். மின்சாரமோ வேறு கணக்கில் ஓடும். நிமிடத்துக்கு 60 சுற்றிலிருந்து 40 சுற்றுக்கு இறக்கினால் காற்று மூன்றில் இரண்டு பங்காகும், விசிறி இழுக்கும் சக்தி 30 சதவீதத்துக்கு வந்துவிடும்.

நான் அளந்த ஒரு கூடத்தைச் சொல்கிறேன். 30 மீட்டர் நீளம், 20 அகலம், நடுவே 6 மீட்டர் விசிறி ஒன்று. ஏசியை 24-இலிருந்து 27-க்கு ஏற்றியிருந்தார்கள், ‘விசிறி 3 டிகிரி தரும்’ என்று யாரோ சொன்னதை நம்பி. விசிறிக்கு நேர் கீழே 1.3 மீட்டர் வேகம். அங்கே உட்கார்ந்தவர்கள் காகிதத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு படித்தார்கள். மூலையில் 0.25தான், அங்கிருந்தவர்கள் ஏசி கெட்டுவிட்டது என்று புகார் கொடுத்தார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் வேடிக்கை. விசிறிக் காற்று தரையில் மோதி, தரையை ஒட்டியே நாலாபக்கமும் பரவுகிறது. கணுக்கால் மட்டத்தில் 0.9, இடுப்பருகே 0.5, முகத்துக்கு 0.4. கால் சில்லென்று இருக்க, நெற்றி வியர்க்கிறது. மூன்று உயரத்திலும் அளந்து சராசரி எடுத்தால் 0.6, ஈடு இரண்டேகால், இரண்டரை இருக்கும். ஒரே கூடத்தில் ஓரிடத்தில் ஒரு டிகிரி சொச்சம், ஓரிடத்தில் மூன்றரை. ஆகவே மங்கை, எந்தச் சொல்லை வைத்தாலும், அது இடத்துக்கு இடம் மாறும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அளக்கும்போது இறக்கை சுற்றும் காற்றுமானி வேண்டாம். மெதுவான காற்றில் அது நின்றுவிடும். சூட்டிழை வகைதான் சரி.

புலவர் தங்கசாமி எழுதியது:

‘ஈடு’ அருமை. ஆனால் சேர்த்து எழுதினால் ‘காற்றசைவீடு’. படிப்பவர் அதைச் சைவ வீடு என்று நினைக்காவிட்டால் சரி. வினைத்தொகையாக ‘அசைகாற்று ஈடு’ எனலாமே. சேர்த்தாலும் ‘அசைகாற்றீடு’, உறுத்தவில்லை.

சேது எழுதியது:

அளவு விஷயத்தில் இளவழகன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பராமரிப்பு ஆளுக்கு ‘ஈடு’ என்றால் நஷ்ட ஈடுதான் நினைவுக்கு வரும். ‘குளிர்’ என்ற சொல் எங்காவது இருந்தே ஆக வேண்டும். ‘உணர்குளிர்ச்சி’?

இளவழகன் எழுதியது:

‘உணர்குளிர்ச்சி’ அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரே தயக்கம். காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் அது உடம்புக்குள் வெப்பத்தைத் தள்ளும். வியர்வை காய்வது அதைவிட அதிகமாக எடுத்துக்கொண்டு போகும்வரை விசிறி நன்மைதான். ஈரப்பதமான கூடத்தில் 36, 37 டிகிரியிலும் உதவும். ஆனால் 45 டிகிரி வறண்ட காற்றில் வியர்வை விசிறி இல்லாமலே காய்ந்துவிடும். விசிறி கூடுதலாகக் கொண்டுவருவது சூடு மட்டுமே. அப்போது அளவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். ‘எதிர்மறை ஈடு’ என்று எழுதலாம், ‘எதிர்மறைக் குளிர்ச்சி’ என்றால் யாருக்கும் புரியாது. முதியவர்களுக்கு வியர்வையே குறைவு என்பதால் அவர்களுக்கு இந்த எல்லை இன்னும் முன்னாலேயே வந்துவிடும். கையேட்டில் இது கட்டாயம் இருக்கட்டும்.

ரஹ்மான் எழுதியது:

சரி, எக்ஸாஸ்டுக்கு ஆள் சொல்லிவிட்டேன். பந்துக்கு என்ன செய்வது?

இளவழகன் எழுதியது:

ஆட்டம் நடக்கும்போது அணைப்பதைத் தவிர வழி தெரியவில்லை, பாய். இடைவேளையில் போடுங்கள். அப்புறம் ஒன்று: கூரையில் தீயணைப்புத் தண்ணீர்த் தெளிப்பான் இருந்தால், அது திறந்ததும் விசிறி தானாக நிற்கும்படி இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஓடும் விசிறி தண்ணீரைச் சிதறடித்துவிடும்.

மங்கை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன்: “விசிறி காற்றின் வெப்பநிலையைக் குறைக்காது. நீங்கள் உட்காரும் இடத்தில் காற்றசைவு ஈடு 2 டிகிரி என்றால், 28 டிகிரிக் காற்று உங்களுக்கு 26 டிகிரி போல இருக்கும்.” புலவரின் சொல்லை அருஞ்சொல் பட்டியலில் மாற்றாகச் சேர்க்கிறேன். சேதுவின் ‘உணர்குளிர்ச்சி’யை முன்னுரையில் ஓரிடத்தில் பயன்படுத்தப் போகிறேன், கோபிக்காதீர்கள் இளவழகன்.

விசிறிக்குப் பெயர் இன்னும் யாரும் சொல்லவில்லையே? ‘பெருவிசிறி’ என்று எழுதினால் மெதுவாகச் சுற்றுவது விடுபடுகிறது. ‘மந்த விசிறி’ என்றால் பழுதான விசிறி போல இருக்கிறது.

புலவர் தங்கசாமி எழுதியது:

‘பெருவிசிறி’ போதும். யானை மெதுவாக நடக்கும் என்று பெயரிலேயே சொல்லவா செய்கிறோம்?

சேது எழுதியது:

இல்லை ஐயா, போதாது. தொழிற்சாலைகளில் வேகமாகச் சுற்றும் பெரிய விசிறிகளும் இருக்கின்றனவே. நாளை எழுதுகிறேன்.