புதுப்பிப்பு: தார்ப்பாய் மூடிய அந்த வண்டி டிப்பர்தான்

முன்பு நான் கேட்டது: “திருவையாறு சாலையோரம் எடுத்த படம். தார்ப்பாய் மூடிய பத்துச் சக்கர வண்டி. டிப்பரா, நெல் லாரியா?”

பத்துச் சக்கரம் என்றாலே டிப்பர் என்றார் ஒரு நண்பர். முடிவு சரி, காரணம் தவறு. நெல் மூட்டை ஏற்றும் லாரிகளிலும் பத்துச் சக்கரம் உண்டு. கேபினுக்குப் பின்னால் தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி தெரியாததால் நான் லாரி என்றே நினைத்திருந்தேன். பாடி கட்டும் பட்டறை அண்ணன் திருத்தினார்: “ஜாக்கி தொட்டிக்கு அடியிலும் இருக்கும் தம்பி. பின்கதவைப் பார்.”

படத்தைப் பெரிதாக்கினேன். கதவின் கீல் மேல்விளிம்பில், கொக்கி கீழே! தொட்டி சாயும்போது கதவின் அடி திறந்து மணல் சரிவதற்கான அமைப்பு அது. மூட்டை லாரியில் பெரும்பாலும் கீல் கீழே இருக்கும். கதவு வெளிப்புறமாகக் கீழே விழும். பின்சக்கரத்தைத் தாண்டித் தொட்டி அதிகம் நீளவில்லை என்பதும் பொருந்துகிறது. நீண்டிருந்தால் சாயும்போது தரையில் இடிக்கும்.

தன் ஊர் மினி பஸ் உண்மையில் வேனா என்று சித்தப்பா கேட்டிருக்கிறார். அவர் அனுப்பிய படத்தில் முன்பக்கம் மட்டுமே இருக்கிறது. வாசலும் இருக்கை வரிசையும் தெரியும்படி பக்கவாட்டுப் படம் வேண்டும், சித்தப்பா.